கும்பகோணத்திலிருந்து கிளம்பிய லாரி வழியில் மாறினால்: இ-வே பில் பற்றிச் சிங்கப்பூர் வணிகர்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து சரக்கு வரவழைக்கும் டன்லப் தெரு, சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் என்னிடம் வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விகளையும் நான் எழுதிய பதில்களையும் இங்கே திருத்தித் தந்திருக்கிறேன். நான் ஓர் இறக்குமதி அலுவலகத்தில் ஆவணங்களைக் கவனிப்பவன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே சரக்கையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்: கும்பகோணத்திலிருந்து 64 மரப்பெட்டிகளில் பித்தளைக் குத்துவிளக்குகள், சென்னைத் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூருக்கு.

இன்வாய்ஸ், லாரி ரசீது இரண்டும் கையில் இருக்கும்போது இ-வே பில் என்று தனியாக ஒன்று எதற்கு?

இன்வாய்ஸ் பொருளையும் விலையையும் சொல்கிறது. லாரி ரசீது அதை ஏற்றிக்கொண்ட போக்குவரத்து நிறுவனத்தைச் சொல்கிறது. சாலையில் நிறுத்தும் வரி அதிகாரிக்குத் தெரிய வேண்டியதோ மூன்றாவது ஒன்று: தம் முன்னால் நிற்கும் இந்த லாரியில் இருப்பது இந்த இன்வாய்ஸின் சரக்குத்தானா, அது இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்குத்தான் போகிறதா என்பது. இந்திய ஜிஎஸ்டி இணையதளத்தில் எடுக்கும் இ-வே பில் அந்த முடிச்சைப் போடுகிறது.

அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. பார்ட் ஏ-யில் இன்வாய்ஸ் எண், தேதி, பொருள், மதிப்பு, அனுப்புமிடத்தின் பின்கோடு, சேருமிடத்தின் பின்கோடு ஆகியவை இருக்கும். பார்ட் பி-யில் வண்டி எண் இருக்கும். பாதை என்று நாம் பேச்சில் சொன்னாலும், எந்தச் சாலையில் போக வேண்டும் என்று பில்லில் எங்கும் எழுதுவதில்லை. இரண்டு பின்கோடுகளும் அவற்றுக்கிடையிலான தூரமும் மட்டுமே பதிவாகின்றன. ஆகவே மழை வெள்ளத்தால் விக்கிரவாண்டிச் சாலையை விட்டுத் திருச்சி வழியாகச் சுற்றிப் போனாலும் பில்லைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் பில்லின் கெடு நமக்காகக் காத்திருக்காது. வண்டி மாறினால் நிலைமை வேறு. முடிச்சின் ஒரு முனையே அவிழ்ந்துவிடுகிறது என்பதால் உடனே திருத்தியாக வேண்டும்.

சிங்கப்பூரில் சுங்கம் கழிந்த சரக்கை ஜூரோங் கிடங்குக்குக் கொண்டுபோக ஒரு டெலிவரி ஆர்டர் போதும். வழியில் லாரி மாறினால் அரசாங்க இணையதளத்தில் எதையும் திருத்துவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் நம்மவர்கள் பலரும் "லாரி மாறினால் என்ன, சரக்கு அதேதானே" என்று கேட்கிறார்கள்.

இந்தப் பில்லில் எங்கள் கடையின் பெயர் எங்கே வரும்? நாங்களே உள்ளே போய்த் திருத்த முடியுமா?

முடியாது. உங்களிடம் இந்திய ஜிஎஸ்டி எண் இல்லை என்பதால், வாங்குபவரின் எண் கேட்கும் கட்டத்தில் `URP`, அதாவது பதிவு பெறாதவர் என்று குறித்து, மாநிலமாக வெளிநாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். சரக்கு சேருமிடமாகச் சென்னைத் துறைமுகத்தின் அல்லது கன்டெய்னர் கிடங்கின் முகவரியும் பின்கோடும் இருக்க வேண்டும். உங்கள் கடை முகவரியைச் சேருமிடமாகப் போட்ட வரைவு ஒன்றை ஒருமுறை பார்த்தேன்; இ-வே பில் இந்தியச் சாலையில் நடக்கும் பயணத்துக்குரியது, கடல் பயணத்துக்கு அன்று.

ஆகவே உங்களால் ஆகக்கூடியது கேட்பதும் சரிபார்ப்பதும்தான். லாரி கிளம்பியதும் பில்லின் பிடிஎஃப் கோப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மாறினால் திருத்திய பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

லாரி பண்ருட்டியில் நின்றுவிட்டது. வேறு லாரி வந்து சரக்கை மாற்றிக்கொண்டு சென்னை போய்ச் சேர்ந்த பிறகு நம்பரைத் திருத்தினால் போதாதா?

போதாது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றி மேற்கொண்டு நகர்த்துவதற்கு முன்பே பார்ட் பி-யில் புதிய வண்டியின் விவரத்தைப் பதிய வேண்டும் என்று ஜிஎஸ்டி விதிகளில் 138(5) சொல்கிறது. பெட்டிகள் கைமாறி லாரி நகர்ந்துவிட்டது, பில்லிலோ பழைய எண்ணே இருக்கிறது என்ற நிலையில் திண்டிவனத்தில் நிறுத்தினால், அதிகாரியின் பார்வையில் அந்த லாரிக்குச் செல்லுபடியாகும் பில்லே இல்லை.

நம் விளக்குப் பெட்டிகளுக்கு நடந்ததாக வைத்து வரிசையாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை மாலை 6 மணிக்குக் கும்பகோணத்தில் `TN68AB1234` என்ற எண்ணைப் பதிந்து லாரி கிளம்புகிறது. இரவு பண்ருட்டிக்குப் பக்கத்தில் அச்சு முறிந்து நிற்கிறது. போக்குவரத்து நிறுவனத்தின் மாற்று லாரி வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு வந்து சேர்கிறது. இந்த இடைவெளியில் அந்த லாரியின் எண்ணை, ஓட்டுநர் வாய்மொழியாகச் சொல்லக் கேட்டு எழுதாமல், நம்பர் பிளேட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்து ஓவும் சுழியமும் தொலைபேசியில் ஒன்றாகவே காதில் விழும்.

பிறகு சப்ளையரோ போக்குவரத்து நிறுவனமோ `ewaybillgst.gov.in` தளத்தில் நுழைந்து, `Update Part B/Vehicle` என்ற பக்கத்தில் பில் எண்ணைக் கொடுத்துத் திறக்க வேண்டும். அங்கே புதிய வண்டி எண், எந்த இடத்திலிருந்து, என்ன காரணம் என்பவற்றை நிரப்ப வேண்டும். காரணத்தில் வண்டி பழுது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லாரி செட்டில் வழக்கமாகச் சரக்கை மாற்றி ஏற்றுவதற்குரிய காரணம் வேறாக இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடிக்கடி தவறுவது "எந்த இடத்திலிருந்து" என்ற கட்டத்தில்தான். பழக்க தோஷத்தில் அங்கே கும்பகோணம் என்றே மறுபடி அடித்துவிடுகிறார்கள். சரக்கு வண்டி மாறிய இடம் பண்ருட்டி என்பதால் பண்ருட்டியைத்தான் எழுத வேண்டும். கும்பகோணம் என்று எழுதினால், ஒரே சரக்கு ஒரே ஊரிலிருந்து இரண்டு லாரிகளில் கிளம்பியதுபோலப் பதிவு காட்டும். ஒரே இன்வாய்ஸில் இரண்டு தடவை சரக்கு அனுப்புகிறவர்களைப் பிடிக்கத்தானே சோதனையே நடக்கிறது.

திருத்தியபின் அச்சிட்டுப் பார்த்தால் பில் எண் பழையதுதான். மேலே பார்ட் ஏ அப்படியே இருக்கும். கீழே பார்ட் பி அட்டவணையில் மட்டும் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரிகள் இருக்கும். பழைய வண்டி எண் அழிவதில்லை. அதோடு புதிய எண்ணும், அதன் இடமும், பதிவு செய்த தேதியும் நேரமும் தனி வரியாகச் சேர்கின்றன. நீங்கள் சிங்கப்பூரில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது அந்த நேரத்தைத்தான். பெட்டிகளை மாற்றி ஏற்றிய படம் 11:40-க்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்க, பதிவு நேரம் மாலை 4 மணி என்று இருந்தால், இடையில் அந்த லாரி எங்கே இருந்தது என்று சப்ளையரிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பயனர்களும் இந்தத் தளத்தில் நுழைய, கடவுச்சொல்லோடு ஓடிபி-யும் கொடுக்க வேண்டும். அது பதிவு செய்த கைபேசிக்குப் போகும். அந்தக் கைபேசி முதலாளியின் தலைமாட்டில் இருந்து, அவரும் நல்ல தூக்கத்தில் இருந்தால், இரவில் பழுதான லாரியின் சரக்கை விடியும்வரை மாற்ற முடியாது. சப்ளையரின் கணக்கர் பெயரில் துணைப் பயனர் கணக்கு ஒன்று தொடங்கி வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

வண்டி எண்ணை மாற்றினால் பில்லுக்குப் புதிதாக நாள் கிடைக்குமா?

கிடைக்காது. கெடு முதல் வண்டி எண்ணைப் பதிந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. பிறகு எத்தனை வண்டி மாறினாலும் அது நீளாது.

கணக்கு இப்படி. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேல் ஒவ்வொரு 200-க்கும் அதன் பகுதிக்கும் இன்னொரு நாள். 2021-க்கு முன் இது 100 கிலோமீட்டராக இருந்தது; பழைய குறிப்புகளை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கும்பகோணம்–சென்னை தூரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் என்பதால் நம் பில்லுக்கு இரண்டு நாள். ஒரு நாள் என்பது 24 மணி நேரம் அன்று; பதிந்த நாளுக்கு அடுத்த நாள் நள்ளிரவில்தான் முதல் நாள் முடிகிறது. வியாழன் மாலை பதிந்ததற்கு வெள்ளி நள்ளிரவோடு முதல் நாளும், சனி நள்ளிரவோடு இரண்டாம் நாளும் முடியும்.

வெள்ளி நண்பகலில் பண்ருட்டியிலிருந்து கிளம்பினால் இரவுக்குள் சென்னை சேர்ந்துவிடலாம். கெடு தாராளமாகவே இருக்கிறது. மாற்று லாரி சனிக்கிழமை மாலைதான் கிடைக்கும் என்றால் நீட்டிப்புத் தேவைப்படலாம். கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்தபின் 8 மணி நேரம்வரை மட்டுமே நீட்டிக்க முடியும். நம் பில்லுக்கு அது சனி மாலை 4 மணி முதல் ஞாயிறு காலை 8 மணி வரை. சரக்கு தற்போது நிற்கும் இடம், அதன் பின்கோடு, மீதித் தூரம், தாமதத்துக்குக் காரணம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே நீட்டித்து வைத்துக்கொள்ளலாம் என்றால் தளம் அனுமதிக்காது. ஞாயிறு மதியம் நினைவு வந்தாலும் பயனில்லை.

பெரிய லாரி கிடைக்கவில்லை. இரண்டு சின்ன வண்டிகளை அனுப்புகிறார்கள். அப்போது?

சாதாரணத் திருத்தத்தில் ஒரு வண்டி எண்ணைத்தான் பதிய முடியும். ஒரு வண்டியின் எண்ணைப் பதிந்துவிட்டு இன்னொன்றைப் பின்னால் வரச் சொல்வது, அந்த இரண்டாவது வண்டிக்குப் பில் இல்லாமல் அனுப்புவதற்குச் சமம். இதற்காகத் தளத்தில் பல வண்டிகளுக்கு மாற்றும் வசதி தனியாக இருக்கிறது. எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை, மொத்தம் எத்தனை என்று முதலில் குறித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் எவ்வளவு என்று பிரித்துப் பதிய வேண்டும். நம் 64 பெட்டிகளில் ஒரு வண்டியில் 40, மற்றதில் 24 ஏறினால் அப்படியே பதிய வேண்டும்; பாதிப் பாதி என்று குத்துமதிப்பாகப் போடக் கூடாது. அதிகாரி எண்ணிப் பார்ப்பது பெட்டிகளைத்தான். இரண்டு ஓட்டுநர்களிடமும் திருத்திய பில்லின் நகலும் இன்வாய்ஸ் நகலும் இருக்க வேண்டும்.

மாற்று லாரி வேறு டிரான்ஸ்போர்ட் கம்பெனியுடையது. பில்லையும் அவர்கள் பெயருக்கு மாற்ற வேண்டுமா?

வண்டி மட்டும் வாடகைக்கு வாங்கியது, பொறுப்பு இன்னும் பழைய நிறுவனத்துடையதுதான் என்றால் வண்டி எண்ணைத் திருத்தினால் போதும். சரக்கையே இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்றால், பில்லை அந்த நிறுவனத்தின் டிரான்ஸ்போர்ட்டர் எண்ணுக்கு மாற்றித்தர வேண்டும். அப்படி மாற்றிவிட்டால் பழைய நிறுவனத்தின் கை கட்டப்பட்டுவிடும். அடுத்த வண்டி மாற்றத்தைப் புதிய நிறுவனம்தான் பதிய வேண்டும். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு, அவர்களிடம் யார் பொறுப்பு, எந்த எண்ணில் கூப்பிடுவது என்று கேட்டு வைக்காமல் விட்டால், அடுத்த சிக்கலில் தவிக்க நேரும்.

வண்டி நம்பரில் ஓர் எழுத்துத்தான் தப்பு. அதற்கும் லாரியைப் பிடித்து வைப்பார்களா?

2018 செப்டம்பர் 14 அன்று வெளியான 64-ஆம் எண் சுற்றறிக்கை இதற்கு வழி சொல்லியிருக்கிறது. மற்ற ஆவணங்கள் சரியாக இருந்து, வண்டி எண்ணில் ஒன்றிரண்டு எழுத்துகளோ இலக்கங்களோ மட்டும் தவறியிருந்தால், சரக்கைத் தடுத்து வைக்கும் 129-ஆம் பிரிவின் நடவடிக்கையைத் தொடங்க வேண்டியதில்லை. மத்திய ஜிஎஸ்டியில் 500 ரூபாய், மாநில ஜிஎஸ்டியில் 500 ரூபாய் அல்லது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியில் 1,000 ரூபாய் என்று சிறு அபராதத்தோடு முடிக்கலாம். இன்வாய்ஸ் எண்ணில் ஓரிரு இலக்கம் பிசகுவதற்கும், பெயரில் எழுத்துப் பிழை நேர்வதற்கும் அதே சலுகை உண்டு.

இந்தச் சலுகையை வண்டி மாற்றத்துக்கும் பொருத்திப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். `TN68AB1234` என்பது `TN68AB1243` ஆனால் எழுத்துப் பிழை. `TN31CD5678` ஆனால் அது வேறு லாரி. எந்தச் சுற்றறிக்கையும் காப்பாற்றாது. அங்கே 129-ஆம் பிரிவு வரும். வரிக்குரிய சரக்குக்கு உரிமையாளர் முன்வந்து விடுவிக்கக் கேட்டால், அதற்குரிய வரியைப் போல இரு மடங்கு அபராதம். தடுத்து வைத்த 7 நாளுக்குள் அறிவிப்பும், அறிவிப்புக்குப் பின் 7 நாளுக்குள் ஆணையும் வர வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்களில் உங்கள் கப்பல் போயே போய்விடும்.

எழுத்துப் பிழையையும் விட்டுவைக்க வேண்டாம். லாரி நிறுத்தப்படுவதற்குள் கண்டுபிடித்தால், வண்டி மாற்றத்துக்குரிய அதே பக்கத்தில், வேறு காரணம் என்று தேர்ந்து, சரியான எண்ணைப் பதிந்துவிடலாம்.

லாரி போய்க்கொண்டிருக்கும்போது இன்வாய்ஸ் மதிப்பே தப்பு என்று தெரிந்தால்?

பார்ட் ஏ-யைத் திருத்த முடியாது. பில்லை ரத்து செய்து புதிதாக எடுப்பதுதான் வழி. பழைய பில்லை எடுத்த 24 மணி நேரத்துக்குள், வழியில் எந்த அதிகாரியும் அதைச் சோதித்திராதபோது மட்டுமே ரத்து செய்யலாம். புதிய பில் எண் ஓட்டுநரின் கைக்கு வரும்வரை லாரியை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரம் கடந்துவிட்டால் சப்ளையர் தம் ஆடிட்டரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது. குறிப்பாக, அதே சரக்குக்கு இரண்டாவது பில் ஒன்றை அதன் பக்கத்திலேயே எடுத்து வைக்கக் கூடாது.

பட்டறையிலிருந்து லாரி செட்டுக்கு டெம்போவில் கொண்டுபோகிறார்கள். அந்த டெம்போ நம்பரும் வேண்டுமா?

ஒரே மாநிலத்துக்குள், அனுப்புபவரிடமிருந்து போக்குவரத்து நிறுவனத்தின் இடம்வரை 50 கிலோமீட்டருக்கு மேற்படாத தூரம் என்றால் வேண்டியதில்லை. பார்ட் ஏ மட்டும் போதும். ஆனால் லாரி செட்டிலிருந்து கிளம்பும் பெரிய லாரியின் எண் கட்டாயம். டெம்போவுக்கு வேண்டாம் என்றதை லாரிக்கும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, பார்ட் ஏ மட்டும் உள்ள தாளோடு கிளம்பிய ஓட்டுநர்கள் உண்டு. உங்களுக்கு வந்த பிடிஎஃப்-இல் செல்லுபடிக் காலம் காலியாக இருந்தால் பார்ட் பி இன்னும் நிரப்பப்படவில்லை என்று அர்த்தம்.

கன்டெய்னர் கிடங்கிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லருக்கு?

சுங்க முத்திரையோடு போகும் கன்டெய்னருக்கு இ-வே பில் தேவையில்லை. அங்கே டிரெய்லர் மாறினால் அதைக் கவனிக்க வேண்டியவர் உங்கள் ஃபார்வர்டர்.

இந்தத் தாமதத்தால் கப்பல் தவறினால் செலவு யார் தலையில் விழும்?

நீங்கள் சப்ளையரோடு எந்த நிபந்தனையில் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. எஃப்ஓபி சென்னை என்றால், கப்பலில் ஏற்றும்வரை சரக்கு அவர் பொறுப்பு. பண்ருட்டி லாரியும் அவருடைய கவலை. எக்ஸ்-வொர்க்ஸ் என்றால், பட்டறை வாசலிலேயே சரக்கு உங்கள் கைக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. லாரியை அமர்த்தியவர் உங்கள் ஃபார்வர்டராக இருப்பார். அப்போதும் இ-வே பில் சப்ளையரின் கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தால், லாரி உங்கள் ஆளிடமும், ஓடிபி வரும் கைபேசி அவரிடமும் இருக்கும். எக்ஸ்-வொர்க்ஸ் விலை சற்று மலிவாகத் தெரிந்தாலும், நான் எங்கள் அலுவலகத்தில் எஃப்ஓபி-யையே கேட்பதற்கு இதுதான் காரணம். எக்ஸ்-வொர்க்ஸில்தான் வாங்குவேன் என்றால், பில் எடுக்கும்போதே உங்கள் ஃபார்வர்டர் அமர்த்திய லாரி நிறுவனத்தின் டிரான்ஸ்போர்ட்டர் எண்ணைப் பதியச் சொல்லுங்கள். வண்டி மாறும்போது சப்ளையரை எழுப்பாமல் அவர்களே புதிய எண்ணைப் பதிந்துகொள்வார்கள்.